ஏஜென்ட் வீட்டம்மா எழுதிய பரீட்சை

எங்கள் பயிற்சி நிலையத்துக்கு நேர் எதிரே ஒரு கடிகாரக் கடை. கடைக்காரர் தலை நிமிர்ந்தால் போதும், எங்கள் மாடியின் பலகை அவர் கண்ணில் படும்: ‘இன்சூரன்ஸ் ஏஜென்ட் பயிற்சி. புதிய உரிமம், உரிமம் புதுப்பித்தல்.’ அவ்வளவு பெரிய எழுத்து. பன்னிரண்டு வருடமாக அந்தப் பலகைக்குக் கீழேதான் நான் தொண்டை கிழியக் கத்துகிறேன். அந்த மனிதரும் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்தான். அப்படியிருந்தும் தன் உரிமத்தைப் புதுப்பிக்காமல் கோட்டை விட்டார். ஊருக்கெல்லாம் நேரம் சரி பண்ணித் தருகிறவர், தன் தேதியைப் பார்க்கவில்லை!

ஆனால் இது அவருடைய கதை இல்லை, அவருடைய மனைவியின் கதை. தெருவில் அந்த அம்மாவுக்கு ‘ஏஜென்ட் வீட்டம்மா’ என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காலையில் கடை திறந்ததும் கணவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்சக்கரங்களுக்குள் மூழ்கிவிடுவார். அந்த அம்மா கையில் ஒரு துணிப்பையோடு கிளம்புவார். யாருக்குத் தவணை வருகிறது, யார் தவணைத் தேதி தாண்டிச் சலுகை நாளில் நிற்கிறார், யாருடைய பாலிசி காலாவதி ஆகப் போகிறது, எல்லாம் அவர் மனதில் இருக்கும். வீடு வீடாகப் போய் ஞாபகப்படுத்துவார். புது ஆள் கிடைத்தால் திட்டத்தை விளக்குவதும் அவரே. கடைசியில் கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் கணவரைக் கூப்பிடுவார். அவர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து ஏஜென்ட் என்ற இடத்தில் ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டுப் போவார். உரிமம் அவர் பெயரில், உழைப்பு இந்த அம்மாவினுடையது.

இது தப்பு. உரிமம் இல்லாதவர் பாலிசி விற்கக் கூடாது. என் வகுப்பில் முதல் நாளே இதைச் சொல்லுவேன். எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறது என்றும் எனக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

உரிமம் மூன்று வருடத்துக்குச் செல்லும். முடிவதற்குள் இருபத்தைந்து மணி நேரப் புதுப்பித்தல் பயிற்சியை முடித்து, ஒரு மாதம் மிச்சம் இருக்கும்போதே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அந்த மாதத்துக்குள் நுழைந்துவிட்டால் அபராதம். முடிவுத் தேதியே தாண்டிவிட்டால், தகுந்த காரணம் எழுதிக் கொடுத்துக் கெஞ்சிப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றால் கேட்பார்கள். “மறந்துட்டேன்” என்றால் சிரிப்பார்கள்.

கடிகாரக்காரர் மறந்துவிட்டார்.

தேதி தாண்டி இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. மரம் அறுக்கும் மில் முதலாளி ஒருவரிடம் அந்த அம்மா ஒரு வருடமாக நடையாய் நடந்து, அவருக்கும் மில்லில் வேலை செய்கிற எட்டுப் பேருக்கும் பாலிசி எடுக்கச் சம்மதிக்க வைத்திருந்தார். ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிற எட்டுக் குடும்பம். விண்ணப்பங்களோடு கிளை அலுவலகத்துக்குப் போனால், கணினியைப் பார்த்துவிட்டு அங்கிருந்த மேலாளர் சொன்னாராம், “இந்த ஏஜென்ட் நம்பர் செத்துப் போச்சும்மா.”

அன்று மத்தியானம் அவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். பின்னாலேயே கணவர், நெற்றியில் பூதக்கண்ணாடியோடு.

“சார், இவரோட லைசென்ஸை உயிர்ப்பிக்க முடியுமா?”

“என்ன காரணம் எழுதுவீங்க?” என்றேன்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் ஜன்னல் வழியாகத் தன் கடையைப் பார்த்தார்.

“வேலை ஜாஸ்தி சார்” என்றார்.

“எதிர்ல போர்டு இருக்கே, படிக்கலையா?”

“அது தினமும் இருக்கறதால கண்ணுல படலை சார்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “இனிமே புதுசா வர்றவங்க மாதிரிதான். ஐம்பது மணி நேரம் பயிற்சி, அப்புறம் பரீட்சை. பாஸ் ஆனா புது லைசென்ஸ். பழைய வாடிக்கையாளர்களைப் பத்திக் கவலைப்படாதீங்க, அவங்க பாலிசிக்கு ஒண்ணும் ஆகாது, கம்பெனி பார்த்துக்கும். ஆனா புது பாலிசி ஒண்ணுகூட நீங்க பிடிக்க முடியாது” என்றேன்.

“ஐம்பது மணி நேரமா? நான் கடையை யார்கிட்ட விட்டுட்டு வர்றது?” என்றார் கடிகாரக்காரர்.

அந்த அம்மா துணிப்பையை என் மேஜை மேல் வைத்தார். பிறகு, “சார், அந்தப் பரீட்சையை நான் எழுதலாமா?” என்று கேட்டார்.

“ஸ்கூல் முடிச்சிருக்கீங்களா?”

“முடிச்சிருக்கேன். சர்டிபிகேட் பெட்டியில இருக்கு.”

“அப்ப எழுதலாம். கம்பெனி உங்களைப் பரிந்துரை பண்ணணும், அவ்வளவுதான்.”

கடிகாரக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, நம்பாத சிரிப்பு. “இவளா? இவளுக்குப் பேசத்தான் வரும் சார். பரீட்சைன்னா கை நடுங்கும்.”

“நடுங்கட்டும்” என்றார் அந்த அம்மா. “நடுங்கினா எழுத வராதா என்ன?”

மில் முதலாளியிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவர் பெரிய கோபக்காரர், ஆனால் நியாயம் தெரிந்தவர். “உன் லைசென்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கேன் தங்கச்சி. ஆனா வருஷக்கணக்கா நிக்க மாட்டேன். வேற ஆளுங்க வாசல்ல நிக்கறாங்க” என்று சொல்லி அனுப்பினார்.

என் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் காலையில் வருகைக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறேன் என்று நழுவுவார்கள். அந்த டீ மாலைவரை ஆறாது. அதனாலேயே மத்தியானம் இன்னொரு கையெழுத்து வைத்தேன். அதற்கும் தம்பியை அனுப்புவார்கள், மச்சானை அனுப்புவார்கள். முகத்தைப் பார்த்துப் பேர் கேட்டு விரட்டுவதே எனக்குப் பாதி வேலை. ஐம்பது மணி நேரம் என்றால் ஐம்பது மணி நேரம். குறைந்தால் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

இந்த அம்மா முன் வரிசையில், மின்விசிறிக்குக் கீழே இருக்கிற நாற்காலியை வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “காத்து வந்தா தூக்கம் வரும் சார்” என்றார். ஒரு மணி நேரத்தைக்கூடத் தவறவிடவில்லை. நான் பாடம் நடத்தும்போது அவர் முகத்தில் அடிக்கடி ஒரு குறும்புச் சிரிப்பு வரும். கமிஷனில் பங்கு கொடுத்து ஆள் பிடிக்கக் கூடாது என்று நான் மேஜையைத் தட்டிக் கத்தியபோது சிரித்தார். வாடிக்கையாளர் தன் நோயை மறைக்காமல் எழுத நீங்கள்தான் பொறுப்பு என்றபோதும் சிரித்தார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள் என்றபோது பக்கத்துப் பெண்மணியோடு சேர்ந்தே சிரித்தார். எல்லாம் தெரிந்த ஆள், சுலபமாகத் தேறிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கணினி மையத்தில் பரீட்சை. அடையாள அட்டையைச் சரிபார்த்து, படம் பிடித்து, உள்ளே அனுப்புவார்கள். ஒரு மணி நேரம், ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, சரியானதைத் தொட வேண்டும். தப்புக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். முடித்த கையோடு முடிவும் திரையில் வந்துவிடும்.

இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது.

மறுநாள் மாடிக்கு வந்தவரிடம் நான் கோபமாகவே பேசினேன். “எப்படிம்மா? எதுல விட்டீங்க?”

“எல்லாம் தெரிஞ்ச கேள்விதான் சார்” என்றார். கண் சிவந்திருந்தது. “ஒரு கேள்வியில, வாடிக்கையாளர் கமிஷன்ல பங்கு கேட்கிறார், நீங்க என்ன செய்வீங்கன்னு இருந்தது. கொடுப்பேன்னு தொட்டேன்.”

“நான் மேஜையைத் தட்டிக் கத்தினேனேம்மா!”

“கத்தினீங்க. ஆனா அது சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்கலையே சார். நீங்க என்ன செய்வீங்கன்னுதானே கேட்டது? இத்தனை வருஷமா நாங்க அப்படித்தானே செய்யறோம்? முதல் தவணைக் கமிஷன்ல பாதியை இவர் விட்டுக் கொடுப்பார். பொய் சொல்லக் கூடாதேன்னு உள்ளதைத் தொட்டேன்.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வெற்றுப் படிவக் கேள்விக்கும் அப்படித்தான். “வேலை நேரத்துல வர்றவங்க கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போவாங்க, மீதியை நாங்க நிரப்பிக்குவோம், அதைத்தான் தொட்டேன்” என்றார். சர்க்கரை நோய்க் கேள்விக்கும் அதே கதை. சின்ன நோயை எழுத வேண்டியதில்லை என்ற விடையைத் தொட்டிருந்தார். என் அனுபவத்தில் பரீட்சையில் பொய் சொல்லித் தேறியவர்கள் ஆயிரம் பேர். உண்மையைச் சொல்லித் தோற்ற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

கோபம் போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “அம்மா, இந்த விதிகளை நம்மளைப் படுத்தறதுக்காகப் போடலை. ஒருத்தருக்குப் பங்கு கொடுத்தா, கேட்கத் தெரியாத இன்னொருத்தருக்கு அநியாயம். அதோட, பங்குக்காகப் பாலிசி எடுக்கிறவர் ரெண்டாவது வருஷம் விட்டுட்டுப் போயிடுவார். நோயை மறைச்சு எழுதினா, அவர் போன பிறகு கம்பெனி தோண்டிப் பார்க்கும். சர்க்கரை இருந்தது, எழுதலைன்னு தெரிஞ்சா, இழப்பீடு கேட்டு வர்ற குடும்பத்தைத் திருப்பி அனுப்பிடும்.”

சிரித்துக்கொண்டே கேட்கிற அந்த முகத்தில் அன்று சிரிப்பு இல்லை.

“எங்ககிட்ட பாலிசி எடுத்த சலவைக்கடைக்காரர் சர்க்கரையில போயிட்டார், அவர் சம்சாரம் நாலு தடவை ஆபீசுக்கு நடந்தாங்க சார்” என்றார். “பணம் வரலை. கம்பெனி ஏமாத்திடுச்சுன்னு நானும் சேர்ந்து திட்டினேன். அந்தப் படிவத்துல ‘நோய் எதுவும் இல்லை’ன்னு எழுதினது இவர். எழுதச் சொன்னது நான்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொய்யான ஆறுதல் எனக்கு எப்போதும் வராது.

“மறுபடி ஐம்பது மணி நேரம் உட்காரணுமா சார்?”

“வேண்டாம். பயிற்சிச் சான்று ஒரு வருஷத்துக்குச் செல்லும். பரீட்சைக் கட்டணம் மட்டும் கட்டி, கம்பெனி மூலமா மறுபடி பதியணும்.”

“இருந்தாலும் உட்கார்றேன். இந்தத் தடவை சிரிக்காம கேக்கறேன்” என்றார்.

கட்டணம் வாங்காமல் அடுத்த வகுப்பில் உட்கார வைத்தேன். அவர் கேட்ட கேள்விகளைச் சமாளிக்க எனக்கே ராத்திரி புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. சலுகை நாளில் ஒருவர் இறந்தால் பணம் வருமா? வரும், பாக்கித் தவணையைக் கழித்துக்கொண்டு. நாமினி சின்னக் குழந்தை என்றால் யார் கையில் கொடுப்பார்கள்? அதற்கு ஒரு பொறுப்பாளரை எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு பதிலையும் கேட்டு, “அப்படின்னா அந்த வீட்டுக்குப் போய் எழுதணும், இந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்” என்று வாய்க்குள் முணுமுணுப்பார். மற்றவர்களுக்கு அது பாடம். அவருக்கு அது தெருத்தெருவாக முகங்கள்.

வீட்டில் வேறு கூத்து. “எனக்கு முதல் தடவையே பாஸ்” என்று கடிகாரக்காரர் ஒரு நாள் வாயை விட்டிருக்கிறார். “பாஸ் பண்ணி என்ன? தேதியைப் பார்த்தீங்களா?” என்று இவர் திருப்பிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை என்பது மட்டுமில்லை, மாலையில் கடையை அடைத்துவிட்டுச் சமையலில் இறங்கினார் என்றும் கேள்வி. சாப்பாடு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது பரீட்சை நாள் மழை. எனக்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் இல்லை. சும்மா போனேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மையத்தின் வாசலில் கடிகாரக்காரர் இரண்டு குடையோடு நின்றார். ஒன்று விரித்து, ஒன்று மடக்கி. சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி எட்டிப் பார்த்தது.

“கடை?” என்றேன்.

“மூடிட்டேன் சார். இன்னிக்கு எவன் கடிகாரமும் ஓட வேண்டாம்.”

அந்த அம்மா வெளியே வந்தார். முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அச்சடித்த தாளைக் கணவர் கையில் கொடுத்தார். மனிதர் அந்த மழையிலும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, தாளை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“தேர்ச்சி” என்றார். பிறகு அதையே இன்னொரு முறை சத்தமாக. “சார், தேர்ச்சி! ஐம்பதுக்கு நாற்பத்தாறு! நான் வாங்கினதே முப்பதுக்குள்ளதான் சார்!”

“என்னங்க, ரோட்டுல கத்தாதீங்க” என்றார் அந்த அம்மா. அப்புறம் யார் ரோட்டில் கத்தினார்கள், யார் அழுதார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். எனக்குச் சந்தோஷம். பன்னிரண்டு வருடக் கத்தலுக்கு அன்றைக்குக் கூலி கிடைத்தது.

உரிமம் வந்தது. படம் ஒட்டிய அட்டை, அவருடைய சொந்தப் பெயர், சொந்த எண். முதல் வேலையாக அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். கணவரும் கூடப் போனார், கையெழுத்துப் போட அல்ல, துணைக்கு. அங்கே நடந்ததைக் கடிகாரக்காரர்தான் எனக்குச் சொன்னார். என் கைக்கடிகாரத்துக்கு வார் மாற்றும் சாக்கில் மூன்று தடவை சொன்னார்.

மில் முதலாளி படிவத்தை எடுத்து, “கையெழுத்தை மட்டும் போட்டுடறேன், மீதியை நீயே நிரப்பிக்கோ தங்கச்சி” என்றாராம்.

“இல்லண்ணே. நீங்க சொல்லச் சொல்ல எழுதறேன். படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க.”

“சரி. இந்த ரத்த அழுத்தம் கித்த அழுத்தமெல்லாம் எழுதாதே.”

“எழுதணும்ணே. டாக்டரைப் பார்க்கச் சொல்லுவாங்க, தவணை கொஞ்சம் கூடலாம். ஆனா நாளைக்கு அண்ணி ஆபீஸ் படி ஏறி இறங்க மாட்டாங்க.”

முதலாளியின் முகம் சிவக்க ஆரம்பித்தது. அதற்கும் தலையாட்டினாராம். கடைசியில்தான் முக்கியமான இடத்துக்கு வந்தார். “ஒன்பது பாலிசி தர்றேன். முதல் தவணையில உன் கமிஷன்ல பாதியை வெட்டிக் கொடு. உன் வீட்டுக்காரர் எல்லாருக்கும் கொடுத்தார்னு ஊருக்கே தெரியும்.”

“முடியாதுண்ணே.”

ரம்பம் நின்றுவிட்டது போல இருந்தது என்றார் கடிகாரக்காரர். எட்டு வேலையாட்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்களாம். முதலாளி எழுந்துவிட்டார். “இவ்வளவு நாள் உனக்காகக் காத்திருந்தேன். வேற ஆளுங்க முழுசாவே விட்டுத் தர்றேன்னு நிக்கறாங்க. நீ பாதிக்கே முடியாதுங்கறியா?”

கடிகாரக்காரர் மனைவியின் முழங்கையை மெல்ல இடித்தார். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார்.

“அண்ணே, இந்தக் கேள்வியில நான் ஒரு தடவை தோத்தாச்சு. இன்னொரு தடவை தோக்கறதா இல்லை.”

முதலாளிக்குப் புரியவில்லை. பரீட்சைக் கதை முழுவதையும் அந்த அம்மா சொன்னார். உண்மையைத் தொட்டுத் தோற்றதை, சலவைக்கடைக்காரர் வீட்டை, எல்லாவற்றையும். முதலாளி கேட்டு முடித்துவிட்டு, மேஜையில் ஒரு அடி அடித்துச் சிரித்தாராம். “பரீட்சையிலேயே பொய் சொல்லத் தெரியாத பொம்பளை, என் பாலிசியில பொய் சொல்லப் போறியா? கொண்டா பேனாவை.” ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படிக்கக் கேட்டு, கையெழுத்துப் போட்டார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. ஒன்பது படிவத்திலும் ஏஜென்ட் என்ற இடத்தில் அந்த அம்மாவே தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டார்.

“கை நடுங்கலையா?” என்று கேட்டேன்.

“எனக்குத்தான் சார் நடுங்குச்சு” என்றார் கடிகாரக்காரர்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. இந்த முறை புதுப்பித்தல் பயிற்சி அறிவிப்பை நான் ஒட்டுவதற்கு முன்பே அந்த அம்மா படியேறி வந்துவிட்டார். அவருடைய உரிமம் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. “இப்பவே என்னம்மா அவசரம்?” என்றேன். “கண்ணுல பட்டதை அப்பவே செய்யணும் சார், தினமும் பார்த்தா தெரியாமப் போயிடும்” என்றார். பழைய ஓரத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார். இப்போது அவர் கேட்கிற கேள்விகளை எழுதிக்கொள்ள மற்ற ஏஜென்டுகள் அவரைச் சுற்றி உட்காருகிறார்கள். டீக்குப் போகிறவர்கள்கூடத் திரும்பி வருகிறார்கள்.

இன்று அந்த இருபத்தைந்து மணி நேரத்தின் கடைசி நாள். இடைவேளையில் என் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றக் கீழே இறங்கினேன். வகுப்பில் போனை அணைத்து வைக்கச் சொல்வேன் என்பதால், அந்த அம்மாவின் போன் கடை மேஜை மேல் இருந்தது. அடித்தது. கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எடுத்தார். எதிர்முனையில் யாரோ ஏஜென்ட் இருக்கிறாரா என்று கேட்டிருக்க வேண்டும்.

“அவங்க எதிர் மாடியில கிளாஸ்ல இருக்காங்க. லைசென்ஸ் புதுப்பிக்கற கிளாஸ். சாயங்காலம் கூப்பிடச் சொல்றேன்” என்றார். பிறகு எதிர்முனையிலிருந்து, நீங்கள் யார் என்று கேள்வி வந்திருக்கும். மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார், முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“நானா? நான் ஏஜென்ட் வீட்டுக்காரர்.”